வங்கியில் வந்த தொகை விற்பனைத் தொகை அல்ல

ஆன்லைன் சந்தைத் தளத்தில் கடை திறந்த சிலரின் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம், என் முதல் ஆண்டுக் கணக்கே எதிரில் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. பில் தொலைப்பது போன்ற தவறுகளை அவரவரே திருத்திக்கொள்வார்கள். நான் சொல்ல வருவது வேறு.

வரவை விற்பனையாக எழுதுவது

ஒரு போர்வையை 1,050 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். இதில் சரக்கின் விலை 1,000, ஜிஎஸ்டி 50. கமிஷன், பணம் வசூலிக்கும் கட்டணம், கூரியர் ஆகியவற்றுக்காகத் தளம் 200 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியாக 36 ரூபாயும் பிடிக்கிறது. ஜிஎஸ்டிக்காகத் தளமே பிடிக்கும் டிசிஎஸ் 5 ரூபாயும், வருமான வரிக்காகப் பிடிக்கும் டிடிஎஸ் 1 ரூபாயும் கழிந்தபின் வங்கிக்கு வருவது 808.

அந்த 808-ஐயே விற்பனை என்று எழுதி, அதிலிருந்தே ஜிஎஸ்டியைப் பிரித்துக் கட்டினேன். ஆனால் தளம் தாக்கல் செய்யும் GSTR-8 படிவத்தில் என் விற்பனை முழுத்தொகையாகவே இருந்தது. இரண்டும் பொருந்தாததால் நோட்டீஸ் வந்தது. குறைவாகக் கட்டிய வரியோடு வட்டியும் சேர்ந்தது. உள்ளீட்டு வரியாக எடுத்து, நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்திருக்க வேண்டிய 36 ரூபாயும், ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றுக்கொண்டிருந்தால் அங்குள்ள என் ரொக்கப் பேரேட்டுக்கு வந்திருக்கும் டிசிஎஸ் 5 ரூபாயும் ஒவ்வொரு பில்லிலும் கண்ணில் படாமலே போயின. இன்றும் அதை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

தளத்தின் பெயரில் ஒரு கடனாளி கணக்கைத் திறந்து, பில் போட்ட அன்றே 1,050-ஐ அதில் பற்று எழுத வேண்டும். செட்டில்மென்ட் அறிக்கை வந்ததும் செலவு 200, உள்ளீட்டு வரி 36, டிசிஎஸ் 5, டிடிஎஸ் 1, வங்கி 808 என்று பிரித்து எழுதினால் அந்தப் பில் நேராகிவிடும். மாதக் கடைசியில் இந்தக் கணக்கின் மீதி, இன்னும் பணம் வராத ஆர்டர்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். மீதி அந்தத் தொகையைத் தாண்டி மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால், ஏதோ ஒரு கட்டணத்தை எழுதாமல் விட்டிருக்கக்கூடும்.

ரீஃபண்டை அடுத்த வரவில் கரைப்பது

திரும்பி வந்த போர்வையின் பணத்தை வேறு ஆர்டர்களின் தொகையில் தளம் கழித்துக்கொள்ளும். அதைப் பார்த்துப் பழைய பில்லை அழிக்கக் கூடாது. அந்த விற்பனையையும் அதன் வரியையும் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் போட வேண்டும். திரும்பக் கொண்டுவந்த கூரியர் கட்டணத்தைத் தளம் பெரும்பாலும் திருப்பித் தராது என்பதால், அதைத் தனிச் செலவாக எழுத வேண்டும்.

மார்ச் விற்பனையை ஏப்ரலில் எழுதுவது

பணம் ஏப்ரலில் வரட்டும், விற்பனை மார்ச்சுடையதுதான்.