அகலப் பாதை என்றால் வேகமா? மலையகப் புகையிரதப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் புகையிரதப் பயணத்தைத் திட்டமிட்டுக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். புதிதாகத் திட்டமிடுபவர்கள் தண்டவாள அகலத்தைப் பற்றி ஒரே விதமான தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் காண்கிறேன். பயணச்சீட்டை மறந்துவிடுவது போன்றவற்றைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மலைப்பாதை என்பதால் குறுகிய பாதை என்று நினைத்தல்

கொழும்பிலிருந்து பதுளை வரை முழுவதும் அகலப் பாதைதான். இரு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மி.மீ.; இந்தியாவின் அகலப் பாதைக்கும் இதே அளவுதான்.

அகலப் பாதை என்பதால் வேகத்தை எதிர்பார்த்தல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரத் தம்பி ஒருவர், பண்டாரவளையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கி.மீ. என்று பார்த்து, ஊரில் தாம் பயணம் செய்யும் விரைவு வண்டியின் வேகத்தால் வகுத்து, ஐந்து மணித்தியாலம் போதும் என்று முடிவுசெய்தார். பாதையின் அகலம் ஒன்றுதானே என்பதே அவருடைய வாதம். அந்தப் பயணத்துக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்று நேர அட்டவணை தெளிவாகச் சொல்லியும் அவர் அதைப் பழைய கணக்கு என்று ஒதுக்கிவிட்டார். கட்டுநாயக்கவில் அவருடைய விமானம் புறப்பட்ட பிறகுதான் அவர் கொழும்பையே அடைந்தார்.

வேகத்துக்கு எல்லை போடுவது அகலம் அன்று, வளைவு. மலையகப் பாதையின் மிகக் கூர்மையான வளைவுகளின் ஆரம் ஏறக்குறைய 100 மீட்டர்தான். வளைவில் வண்டி வெளிப்பக்கம் தள்ளப்படாமல் இருக்க வெளித்தண்டவாளத்தைச் சற்று உயர்த்துவார்கள்; அந்த உயரத்தையும், பயணிகளுக்குச் சிரமம் தராமல் அதற்கு மேல் அனுமதிக்கக்கூடிய அளவையும் சேர்த்து 150 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அகலப் பாதையில் மணிக்கு ஏறக்குறைய 33 கி.மீ. வேகமே கிடைக்கிறது. அதே வளைவில் 762 மி.மீ. குறுகிய பாதையைப் போட்டால், உயர்த்தும் அளவும் அகலத்துக்கேற்பக் குறைந்து 65 மி.மீ. அளவில் நிற்பதால், வேகம் மணிக்கு ஏறக்குறைய 32 கி.மீ. என்று வருகிறது. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் ஆரத்தை நான்கு மடங்காக்கி 400 மீட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு மலையைக் குடைந்து புதிய தடமே அமைக்க வேண்டியிருக்கும்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. களனிவெளிப் பாதை முன்பு 762 மி.மீ. அகலத்தில் இருந்தது, 1990களில் அவிசாவளை வரை அகலப் பாதையாக மாற்றப்பட்டது. ஆனால் பெரும்பாலும் பழைய தடத்திலேயே அகலத் தண்டவாளம் போடப்பட்டதால் பழைய வளைவுகளும் அப்படியே தங்கிவிட்டன, வண்டிகளும் இன்றுவரை மெதுவாகவே செல்கின்றன. கொழும்புக் கோட்டையில் வண்டி மாறாமல் செல்லும் வசதிக்கு வழி பிறந்தது என்பதே அந்த மாற்றத்தின் உண்மையான பயன்.

கூர்மையான வளைவில் அகலப் பாதைக்குத் தனியான ஒரு சிரமமும் உண்டு. கால்வட்டம் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 2.6 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். குறுகிய பாதையில் அது 1.2 மீட்டர்தான். இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டிருப்பதால், சக்கரத்தின் சாய்வு ஈடுசெய்ய முடியாத மிச்சம் உராய்வாகிறது. ஹட்டனைத் தாண்டியதும் வளைவுகளில் கேட்கும் கீச்சொலிக்கோ, சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் குறுக்காக வழுக்குவதே முக்கியக் காரணம்.

ஆகவே தூரத்தை வேகத்தால் வகுக்காதீர்கள். அட்டவணையில் இரு நிலையங்களுக்கு இடையிலான நேரத்தைப் பாருங்கள். ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்கு ஏறக்குறைய 34 கி.மீ.; அதற்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. விமானம் பிடிக்க வேண்டியவர்கள் முந்திய நாளே இறங்கிவிடுவது நல்லது.

அகலம் ஒன்றானால் எந்த எஞ்சினும் ஓடும் என்று நம்புதல்

ஓடாது. நீளமும் எடையும் கூடிய சில எஞ்சின்களை இந்த வளைவுகளுக்கு அனுப்புவதில்லை.

நுவரெலியாவுக்குச் சிறிய வண்டியைத் தேடுதல்

மேட்டுப்பாளையத்தில் அகலப் பாதை வண்டியிலிருந்து இறங்கி நீலகிரி மலை வண்டியில் ஏறிப் பழகியவர்கள், நானுஓயாவிலும் அவ்வாறே ஒன்று காத்திருக்கும் என்று எண்ணுகிறார்கள். ஒரு காலத்தில் இருந்தது உண்மை: நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை 762 மி.மீ. பாதை சென்றது, பயணிகள் வண்டி மாறினார்கள், சரக்கையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்ற வேண்டியிருந்தது. 1940களிலேயே அது மூடப்பட்டுவிட்டது. பழைய வரைபடத்தை நம்பி நிலையத்தில் காத்திராமல், வெளியே வந்து பஸ்ஸிலோ முச்சக்கரவண்டியிலோ ஏறுங்கள். நுவரெலியா ஏறக்குறைய 8 கி.மீ. தொலைவில் இருக்கிறது.

கண்டியில் மாறுவதற்குப் பாதை அகலமே காரணம் என்று நினைத்தல்

கண்டிப் பாதையும் அகலப் பாதையே. பேராதனைச் சந்தியில் கண்டிக்கு ஒரு கிளை பிரிகிறது. கொழும்பிலிருந்து வரும் வண்டிகளில் பொடி மெனிக்கே கண்டிக்குள் சென்று திரும்பி வந்து பதுளை நோக்கிப் போகும், உடரட்ட மெனிக்கே கண்டியைத் தொடாமலே போகும். கண்டியிலிருந்து ஏறுபவர்கள் இரண்டாவதற்குச் சீட்டு எடுத்துவிட்டால் முதலில் பேராதனைச் சந்திக்குப் போய்ச் சேர வேண்டும்.