சைக்கிள் டயரை எப்போது மாற்ற வேண்டும்?

முதலில் பின் டயரைப் பாருங்கள். உடல் எடையில் பெரும்பகுதியும் பெடல் மிதிக்கும் விசையும் அதன் மேல்தான் விழுகின்றன. அதனால் முன் டயரைவிட அதுவே சீக்கிரம் தேயும். புது டயரைக் குறுக்காகப் பார்த்தால் மேல்புறம் வளைந்திருக்கும். தேயத் தேய நடுப்பகுதி தட்டையாகி, இரு பக்கமும் விளிம்பு போலத் தெரியும். அந்த நிலையில் ரப்பர் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அடிக்கடி பஞ்சர் ஆவதும் அதனால்தான்.

காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, டயரை விரலால் அழுத்திக்கொண்டே சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். வெயிலில் நின்ற சைக்கிளிலும், காற்றில்லாமல் மாதக்கணக்கில் கிடந்த சைக்கிளிலும் பக்கவாட்டில் வெடிப்பு வரும். மயிரிழை போன்ற மேலோட்டமான வெடிப்பென்றால் கண்காணித்துக்கொண்டே ஓட்டலாம். அழுத்தும்போது வெடிப்பு ஆழமாக விரிந்தால் மாற்றிவிடுவதே நல்லது.

ரப்பருக்கு அடியில் இருக்கும் நூல் எங்காவது வெளியே தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே மாற்றுங்கள். டியூபின் காற்றழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்தான். அது அறுந்தால் அந்த இடம் புடைக்கும், பிறகு டியூப் வெடிக்கும். உள்ளே பழைய டியூப் துண்டை வைத்து ஓட்டுவது வீடு போய்ச் சேர மட்டும்தான்.

பக்கவாட்டில் மட்டும் நூல் அரிபட்டிருந்தால் பிரேக் கட்டையையும் பாருங்கள். அது ரிம்மில் படாமல் டயரில் உரசிக்கொண்டிருந்தால், புது டயரும் அதே இடத்தில் கிழியும்.

புதிது வாங்கும்போது பழைய டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள்.