வைட்டமின் டி: இந்த ஊர் வெயிலை நம்பலாமா, மாத்திரையே போடலாமா?

பூமத்திய ரேகையிலிருந்து தள்ளியிருக்கும் நகரத்துக்குக் குடிவந்திருக்கிறீர்கள், தோல் கருப்பு அல்லது மாநிறம், வெளியே போனால் முகமும் கையும் தவிர எல்லாம் துணிக்குள் என்றால், வெயிலை நம்பிக் காத்திருக்காமல் மாத்திரை போடுங்கள் என்பதுதான் என் கருத்து.

தோலில் வைட்டமின் டி உருவாக வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் வேண்டும். சூரியன் தாழ்ந்திருந்தால் அது தரைக்கு வருவதற்குள் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். கண்டுபிடிப்பது சுலபம்: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக விழுந்தால், அந்த வெயில் இதமாக இருக்கலாம், ஆனால் டி-க்குப் பெரிதாக உதவாது. குளிர்காலத்தில் உச்சிப் பகலிலும் இதே கதைதான். ஜன்னலோரம் உட்கார்ந்து வெயில் காய்வதும் வீண், கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. போதாததற்கு தோலுக்கு நிறம் தரும் மெலனின் வேறு அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் வெளிர் நிறத்தவரைவிட நமக்கு அதிக நேரம் வேண்டும். கோடையில் கையைக் காலைக் காட்டி நின்றால் கொஞ்சம் சேரும்தான், ஆனால் ரத்தத்தில் இருக்கும் டி சுமார் இரண்டு மூன்று வாரத்தில் பாதியாகிவிடும் என்பதால் அது குளிர்காலம் முழுக்கத் தாங்காது.

மாத்திரையில் டி3 என்று இருப்பதை வாங்குங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு தினம் 400 முதல் 800 யூனிட், அதாவது 10 முதல் 20 மைக்ரோகிராம், வருடம் முழுக்க. கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் நன்றாக உடலில் சேரும்.

இனி ரத்தப் பரிசோதனை. மாடிப்படி ஏறத் தொடை வலுவில்லை, எலும்பு வலிக்கிறது என்று ஒருவர் டாக்டரிடம் போகிறார், ரிப்போர்ட்டில் வைட்டமின் டி 22 என்று வருகிறது என்று வையுங்கள். ng/mL என்றால் பயப்பட ஒன்றுமில்லை, nmol/L என்ற மற்றக் கணக்கில் அது 55, பல வழிகாட்டுதல்களில் அந்தக் கணக்கில் 50 போதும். ஆனால் அதே 22 nmol/L என்றால் தெளிவான குறைபாடு, ஊரில் பழகிய ng/mL கணக்கில் வெறும் 9. ng/mL எண்ணைப் போல nmol/L எண் 2.5 மடங்கு, அதனால் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடும் முன் அலகைப் பாருங்கள். இந்தக் குறைபாட்டுக்கு 400 யூனிட் போதாது, டாக்டர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறை 50,000 யூனிட் போல ஆறேழு வாரம் எழுதித் தருவார், பிறகுதான் தினசரி சிறிய அளவு. மறுபரிசோதனைக்கு மூன்று மாதமாவது விடுங்கள், அதற்கு முன் எடுத்தால் எண் இன்னும் நிலைத்திருக்காது.

அந்த வார மாத்திரையைத் தினசரி என்று நினைத்துப் போடுபவர்கள் உண்டு, அதுதான் ஆபத்து. டாக்டர் சொல்லாமல் தினம் 4,000 யூனிட்டைத் தாண்டாதீர்கள். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல். அப்படி இருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகக் கல்லோ சிறுநீரகக் கோளாறோ ஏற்கெனவே இருப்பவர்கள் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.