கடைசி ஒரு மணி நேர டிரேடிங்: எப்போது வாங்கி, எப்போது வெளியே வருவது?

மதியம் இரண்டரைக்கு மேல் வலுவாக நிற்கும் பங்கை வாங்கி, அன்றைக்கே விற்கும் முறை இது. எம்ஐஎஸ் ஆர்டர் போடத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. பங்கைத் தேர்ந்தெடுப்பது. 2:30-க்கு நிஃப்டி 50 பட்டியலை மட்டும் பாருங்கள். நேற்றைய முடிவு விலையைவிட ஒரு சதவீதமாவது ஏறியிருக்க வேண்டும், விலை, அன்றைய வியாபாரத்தின் சராசரியைக் காட்டும் விவாப் கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும். சின்னப் பங்குகள் வேண்டவே வேண்டாம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியே லாபத்தைத் தின்றுவிடும்.

2. முதலில் செலவு. 500 ரூபாய் பங்கு 200 வாங்கி விற்கிறீர்கள் என்று வைப்போம். தரகு போக வர 40 ரூபாய், விற்கும்போது எஸ்டிடி வரி 25, முத்திரைத் தீர்வை 3, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் சுமார் 6, ஜிஎஸ்டி 8. மொத்தம் 82 ரூபாய், பங்குக்கு 41 காசு. இடைவெளி 10 காசு இருந்தால் அதையும் சேர்த்து 51 காசு. ஒரு ரூபாய் ஏற்றத்துக்கு ஆசைப்பட்டால் பாதி செலவுக்கே போய்விடும். இரண்டரை, மூன்று ரூபாய் போக இடமிருந்தால் மட்டும் இறங்குங்கள்.

3. வாங்குவது. 2:35 முதல் 2:45-க்குள், திரையில் தெரியும் விற்பனை விலையிலேயே லிமிட் ஆர்டர். மார்க்கெட் ஆர்டர் எனக்குப் பிடிக்காது. ஆர்டர் நிறைவேறியதும் ஸ்டாப்லாஸ் போட்டுவிடுங்கள்.

4. வெளியே வருவது. இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். காலையிலிருந்து ஏறிய பங்கில் எம்ஐஎஸ்ஸில் வாங்கி வைத்தவர்கள் ஏராளம். அத்தனை பேரும் அன்றைக்கே விற்றாக வேண்டும். விற்காதவர்களுடையதைத் தரகு நிறுவனமே 3:15-க்கு மேல் விற்றுவிடும். பல நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணமும் பிடிக்கும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் வெளியே இருக்க வேண்டும். 3:05-க்கு லிமிட் ஆர்டர் போடுங்கள், 3:10-க்கும் விற்கவில்லை என்றால் விலையைக் குறைத்தாவது முடித்துவிடுங்கள். 3:12 வாக்கில் விற்பனை அளவு குபுகுபுவென்று ஏறி, விலை நகராமல் நிற்பதைப் பார்த்தால் காரணம் புரியும்.

பிற்சேர்க்கை: "முடிவு விலைக்கே விற்க முடியாதா?" என்று அம்பாசமுத்திரம் அண்ணாச்சி ஒருவர் கேட்டிருந்தார். இதுவரை இருந்த முறையில் முடிவு விலை என்பது 3:00 முதல் 3:30 வரை நடந்த வியாபாரத்தின் சராசரி. அது கடைசியாக நடந்த விலை அல்ல. எஃப்&ஓ பங்குகளுக்கு 3:15 முதல் 3:35 வரை முடிவு ஏலம் என்பது செபி 2026 ஜனவரியில் அறிவித்த திட்டம். ஏலத்தில் எல்லோருக்கும் ஒரே விலை, இடைவெளிச் செலவு கிடையாது. ஆனால் என்ன விலை விழும் என்று முன்கூட்டியே தெரியாது. எம்ஐஎஸ்காரர்கள் தரகு நிறுவனம் விற்கும் நேரத்துக்கு முன்பே வெளியே வர வேண்டும் என்பது அப்போதும் அப்படியேதான்.

ஐப்பசி மதியத்தில் இடி இடித்தால் கரண்ட் போகும். அதனால் மொபைல் டேட்டாவில் ஆப்பைத் திறந்து, லாகின் செய்து தயாராக வைத்த பிறகே வாங்குங்கள்.