காசாளர் வேலைக்குச் சுயவிபரக்கோவை: லாச்சிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ சுப்பர் மார்க்கெட் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் பலரும் "நேர்மையாகவும் வேகமாகவும் வேலை செய்வேன்" என்று எழுதுகிறார்கள். எல்லோரும் எழுதுவதால் அந்த வரிக்கு மதிப்பில்லை. இவரை நம்பிக் காசு லாச்சியை விடலாமா என்பதுதான் முகாமையாளரின் கேள்வி. பலசரக்குக் கடையில் பில் போட்ட ஒரு பெண்ணின் கணக்கை வைத்து அதற்குப் பதில் எழுதிப் பார்ப்போம்.

படி 1: காசுக் கணக்கு

காலையில் லாச்சியில் வைத்த சில்லறை 10,000 ரூபா. நாள் முடிவு அறிக்கையின்படி காசு விற்பனை 86,450. பாண்காரருக்கு லாச்சியிலிருந்து கொடுத்தது 1,200. ஆகவே இருக்க வேண்டியது 95,250. எண்ணியபோது இருந்தது 95,230. குறைவு 20 ரூபா. அட்டை விற்பனையை இதில் சேர்த்தால் கணக்கு உதைக்கும்.

இப்படி மூன்று மாதக் குறிப்புகள் இருந்தால், "நாள்தோறும் லாச்சியைக் கணக்குடன் சரிபார்த்து ஒப்படைத்தேன், கடைசி மூன்று மாதங்களில் வித்தியாசம் ஒரு நாளும் 50 ரூபாவைத் தாண்டவில்லை" என்று எழுதலாம். "ஒரு சதமும் பிசகியதில்லை" என்று எழுதாதீர்கள். குறைந்ததைக் கைக்காசால் நிரப்பினாரோ, கூடியதை எடுத்துக்கொண்டாரோ என்ற சந்தேகம்தான் வரும். பழைய கடையின் விற்பனைத் தொகையையும் எழுதக் கூடாது; அது முதலாளியின் இரகசியம்.

படி 2: வேகம்

நெருக்கடியான ஒரு மணி நேரத்தின் பில்களை எடுங்கள். 28 பில்களில் 252 பொருட்கள் என்றால், "நெருக்கடி நேரத்தில் மணிக்கு சுமார் 28 பில்கள், பில்லுக்குச் சராசரியாக 9 பொருட்கள்" என்று எழுதுங்கள். பில் எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரு பால்மா பைக்கற்றுக்கும் ஒரு மாதச் சாமானுக்கும் ஒரே நேரமா எடுக்கும்?

படி 3: பில் இயந்திரம்

"கணினி அறிவு உண்டு" என்பதற்குப் பதிலாகச் செய்த வேலைகளைச் சொல்லுங்கள்: பார்கோட் ஸ்கேன், மரக்கறியை நிறுத்துக் குறியீடு அடித்தல், பில்லை இடையில் நிறுத்தி மீண்டும் எடுத்தல், அட்டை மற்றும் கியூஆர் கட்டணம். தவறான பில்லை யாருடைய அனுமதியுடன் இரத்துச் செய்தீர்கள் என்பதையும் சேருங்கள். முகாமையாளர் அதைக் கட்டாயம் கவனிப்பார்.

படி 4: வாடிக்கையாளர்

ஒரு சம்பவம் போதும். "தட்டில் ஒட்டியிருந்த விலையும் பில் விலையும் வேறுபட்டபோது, பில்லை நிறுத்திவைத்து மேற்பார்வையாளரிடம் உறுதிசெய்து திருத்தினேன், வரிசையில் நின்றவர்களை அடுத்த கவுண்டருக்கு அனுப்பினேன்." சிங்களம் பேசத் தெரிந்தால் தனி வரியில் எழுதுங்கள், வவுனியாவில் அது நிச்சயம் உதவும். வாசிக்கத் தெரியாவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கல்வித் தகைமை, முகவரி எல்லாம் வழமைபோல. உறவினர் அல்லாத இருவரைச் சான்றுரைப்போராகக் குறிப்பிடுங்கள். அதில் ஒருவர் உங்கள் லாச்சியை எண்ணிப் பொறுப்பேற்றவராக இருக்கட்டும்.