டீட் போலில் பழைய பெயரை எப்படி எழுதுவது: சான்றிதழ் மாற்றத்துக்கு என் அனுபவம்

நான் சிங்கப்பூரில் இருக்கும் திருநங்கை. என் டிப்ளோமாவில் பெயருக்கு நடுவே s/o இருந்தது. சான்றிதழில் பாலினம் என்று தனியாக எதுவும் அச்சிடவில்லை, ஆனால் அந்த இரண்டெழுத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடும். s/o, d/o இரண்டுமே பெயரின் பகுதிதான், அதனால் பெயரை மாற்றும்போதே எடுத்துவிடலாம். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், பாலினத்தை மாற்ற அறுவை சிகிச்சைக்கான மருத்துவச் சான்று கேட்பார்கள், பெயருக்கு அது வேண்டாம். அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

முதலில் வழக்கறிஞரிடம் டீட் போல், அதாவது பெயர் மாற்றப் பத்திரம். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். என் ஐசியில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, டிப்ளோமாவில் முதலெழுத்து மட்டும். வழக்கறிஞர் ஐசியைப் பார்த்துப் பழைய பெயரை எழுதினார், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கல்லூரி அலுவலகத்தில், டீட் போலில் உள்ள பழைய பெயரும் டிப்ளோமாவில் உள்ள பெயரும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். திரும்பப் போய்ச் செலவழித்து இன்னொரு பத்திரம். அதனால் எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, அவற்றில் இருக்கிற ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் ‘இப்படியும் அறியப்பட்டவர்’ என்று பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் குடிநுழைவு ஆணையத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பித்துப் புது ஐசி. கல்விக்கூடங்கள் அதைத்தான் பார்க்கும்.

இன்னும் படித்துக்கொண்டிருந்தால் பட்டமளிப்புப் பெயர்ப்பட்டியல் முடிவாவதற்கு முன்பே ஐசியையும் டீட் போலையும் கொடுத்துவிடுங்கள். படிக்கும்போது பதிவை மாற்றுவது சுலபம். பட்டம் வாங்கிய பிறகு புதுச் சான்றிதழ் தருவதா என்பது அந்தந்த நிலையத்தின் முடிவு, மறுக்கவும் செய்வார்கள். கேட்கும்போது மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

என் ஓ நிலைச் சான்றிதழ் பழைய பெயரிலேயே இருக்கிறது. அதைக் காட்டும்போதெல்லாம் டீட் போலையும் சேர்த்துக் காட்டுகிறேன். மனசு வலிக்கும்தான், ஆனாலும் கிழித்துவிடாதீர்கள், தொலைந்தால் அதே சான்றிதழை மறுபடி அச்சடித்துத் தரமாட்டார்கள்.

பின்சேர்க்கை: மின்சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2019 முதல் பலருக்கு .opencert கோப்பும் வருகிறது. அதைத் திறந்து பெயரை நீங்களே திருத்த முடியாது. ஓர் எழுத்து மாறினாலும், சரிபார்க்கும் தளமான opencerts.io அதைச் செல்லாது என்று காட்டும். கல்விக்கூடம் புதிதாக வெளியிட வேண்டும். ஒரு வாசகிக்குப் புதுக் கோப்பு வந்ததும் பழையது ரத்தானது, ஆனால் வேலை விண்ணப்பத்தில் பழையதே கிடந்தது. எங்கெல்லாம் ஏற்றினீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள்.

இந்தியாவில் மேற்படிப்புக்குப் போகிறவர்கள் டீட் போலுக்கு நோட்டரி சான்றும், வெளிநாட்டில் ஆவணத்தை ஏற்றுக்கொள்வதற்காகச் சிங்கப்பூர்ச் சட்டக் கழகம் தரும் அப்போஸ்டில் என்ற சான்றும் வாங்கிவிடுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே அந்த முறை உண்டு. சான்றிதழோடு டீட் போலுக்கும் சேர்த்தே வாங்கினால் இரண்டாவது முறை அலைய வேண்டாம்.