தூங்கிப்போன கிரான்: கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன், `schedule` போட்டு ஒரு வொர்க்ஃப்ளோ எழுதிவிட்டு, "இனி இதைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் அண்ணா" என்றான். அதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். யாமல் ஃபைலில் இடைவெளி தப்பாக விடுவதைப் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அது ஓட்டியவுடனே தெரிந்துவிடும். இங்கே இருப்பது ஓசையில்லாமல் கழுத்தறுப்பவை.

முழு மணிக்கு வைப்பது

`0 * * * *`, `0 0 * * *` என்று எழுதும்போது உலகமே நம்மோடு வரிசையில் நிற்கிறது. ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் கிட்ஹப்பில் நெரிசல் அதிகம். உங்கள் வேலை தள்ளிப்போகும். நெரிசல் மிஞ்சினால் அந்த முறை ஓடாமலே விடுபடவும் செய்யும். 17, 43 போல யாரும் சட்டென்று நினைக்காத நிமிடத்தைப் போடுங்கள்.

அப்புறம், நேரம் இயல்பாக யுடிசியில் கணக்கிடப்படும். நம்மூர் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். கீழே இருப்பது இங்கே நள்ளிரவு தாண்டி 1:47:

```yaml
on:
  schedule:
    - cron: '17 20 * * *'
  workflow_dispatch:
```

தாமதம் வெறும் காத்திருப்பு என்று நினைக்காதீர்கள். இரவு 11:55-க்கு ஓடி, அன்றைய நம்மூர்த் தேதியையே ஃபைல் பெயராக வைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று என்னிடம் இருந்தது. திங்கள் ஓட்டம் இருபது நிமிடம் தள்ளிப்போனால் செவ்வாய் தேதியில் ஃபைல் விழும். செவ்வாய் இரவு சரியான நேரத்துக்கு ஓடினால் அதே பெயரில் மேலெழுதும். திங்கள் காணாமல் போயிருக்கும், எந்தப் பிழையும் இருக்காது.

60 நாள்

இதை இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது, என் மீதுதான்.

பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடவடிக்கையும் இல்லையென்றால், அதிலுள்ள கால அட்டவணை வொர்க்ஃப்ளோக்களை கிட்ஹப் தானாக நிறுத்திவிடும். தினமும் வேலை ஓடுகிறதே, அதுவும் நடவடிக்கைதானே என்று நினைத்தேன். இல்லை, ஓட்டம் கணக்கில் வராது.

தெரிந்தவர் ஒருவரின் கடைக் கணக்கு டேட்டாபேஸை தினமும் பேக்கப் எடுத்து வேறொரு சேமிப்பகத்தில் போடும் வேலை அது. ரகசியங்கள் சீக்ரெட்ஸில் இருந்ததால் கோட் ஃபைல்களை மட்டும் பொதுவில் வைத்திருந்தேன். பேக்கப் வெளியே போனதால் ரெப்போவில் கமிட் எதுவும் விழாது. கடைசி கமிட் மார்ச் 3. மே 2-இல் வேலை நின்றது. ஜூன் 20 அன்று அவர் ஒரு டேபிளைத் தவறுதலாக அழித்துவிட்டு எனக்கு போன் செய்தார். சேமிப்பகத்தைத் திறந்தால் கடைசி ஃபைல் மே 1. ஏழு வாரக் கணக்கை ரசீதுக் கட்டிலிருந்து இரண்டு பேர் உட்கார்ந்து தட்டினோம்.

வேலை தோற்றால் டெலிகிராமில் செய்தி வரும்படி வைத்திருந்தேன். ஆனால் தோற்பதற்கு அது ஓட வேண்டுமே! நிறுத்தப்பட்ட வேலை தோற்காது, சும்மா இருக்கும். கிட்ஹப் மெயில் வந்திருந்தது. அந்த மெயில்களை ஃபில்டர் போட்டு ஒரு ஃபோல்டரில் தள்ளியிருந்தவன் நான். டீமாக வேலை செய்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள்: இந்த வேலைகள் பற்றிய அறிவிப்பு கிரான் வரியைக் கடைசியாக மாற்றியவருக்குத்தான் போகும். அவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம்.

நின்றிருக்கிறதா என்று பார்க்கவும், எழுப்பவும்:

```
gh workflow list --all
gh workflow enable backup.yml
gh workflow run backup.yml
```

`--all` இல்லாமல் பார்த்தால் நிறுத்தப்பட்டவை பட்டியலில் வராது. மூன்றாவது வரிக்கு மேலே சொன்ன `workflow_dispatch` வேண்டும். விட்டுப்போன நாட்களுக்கு அது திரும்ப ஓடாது.

மாதம் ஒரு வெற்று கமிட் போட்டு ரெப்போவை உயிரோடு வைப்பார்கள் சிலர். எனக்குப் பிடிக்கவில்லை, வரலாறு குப்பையாகிறது, அந்த கமிட் போடும் வேலை நின்றால் மறுபடி அதே கதை. ரெப்போவைப் பிரைவேட்டாக மாற்றினேன். இந்த 60 நாள் விதி பொது ரெப்போக்களுக்கானது. இலவசக் கணக்கில் பிரைவேட்டுக்கு மாதம் 2000 நிமிடம். என் வேலை நாளுக்கு மூன்று நிமிடம், அதாவது மாதம் 90.

ஆனாலும் உண்மையான மருந்து அதுவல்ல. செய்தி வந்தால் கவலைப்படுவதை விட்டு, வராவிட்டால் கவலைப்படும்படி மாற்ற வேண்டும். `healthchecks.io` போன்ற ஒன்றில் ஒரு முகவரி வாங்கி, வேலையின் கடைசிப் படியாக இதைப் போடுங்கள்:

```
curl -fsS "$PING_URL"
```

காலம் ஒரு நாள், சலுகை நேரம் இரண்டு மணி என்று வைத்திருக்கிறேன். கிட்ஹப் கொஞ்சம் தாமதித்தால் சும்மா இருக்கும். அதற்கு மேல் சத்தம் வரவில்லையென்றால் எனக்கு மெயில் வரும், இந்த முறை ஃபில்டர் இல்லாத இன்பாக்ஸுக்கு.

வேறு கிளையில் சோதிப்பது

`schedule` இயல்புக் கிளையில் இருந்தால் மட்டுமே ஓடும்.

ஃபோர்க்

ஃபோர்க் செய்த ரெப்போவில் அட்டவணை நிறுத்தப்பட்டே வரும். நீங்கள்தான் ஆக்‌ஷன்ஸ் டேபுக்குப் போய் இயக்க வேண்டும்.